டப்பா இனி அனுப்ப வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டியது, ரெயின்போ பால் டப்பா இனி அனுப்ப வேண்டாம். ஊருக்கு ஆள் வரும்போதெல்லாம் நீ கொடுத்தனுப்பாமல் இருந்ததில்லை. இந்த முறை தெற்குத் தெரு மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்து, "அவனைப் பார்க்க முடியவில்லை மாமா" என்றார். அவருக்கும் அவசரம் இருந்திருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்தாறு வருடம் ஷார்ஜாவில் அந்தப் பாலில் டீ குடித்த நாக்கு, ஊர்ப் பாலில் போட்டால் தண்ணீர் என்கிறது. திருச்சியில் ஒரு பெரிய கடையில் கேட்டேன். "இதேதான் சார்" என்று மில்க்மெய்டை எடுத்து நீட்டினான் பையன். அதுவும் கெட்டிப்பால்தான், ஆனால் சர்க்கரை போட்டுக் காய்ச்சியது. ரெயின்போவில் சர்க்கரை சேர்ப்பதில்லை. என் உடம்புக்கு மில்க்மெய்ட் ஆகாது என்பது உனக்குத் தெரியும். டீக்கென்று விற்கும் பால் பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் சர்க்கரை சேர்த்திருந்தது. நீயும் எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படித்து வாங்கு. கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். டப்பாப் பாலில் தண்ணீரை நீக்கினால் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு தேறும். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5, மற்ற திடப்பொருள் 8.5, ஆக 13. அப்படியானால் அரை லிட்டரை ஏறக்குறைய பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் போதும். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு குறைவு, டீயில் வழவழப்பு வராது. ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் பாதிவரை போக வேண்டாம், 300 மில்லியிலேயே நிறுத்திவிடலாம்.

முதல் நாள் கடாயில் காய்ச்சி, பாதி உயரம் இறங்கியதும் அணைத்தேன். பால்கோவாவுக்கு முந்தைய பதத்தில் நின்றது. கடாய் அடியில் குறுகிப் போகிறதல்லவா, பாதி உயரத்தில் பாதிப் பால் இருக்காது! எத்தனை கட்டடத்துக்கு அளவெடுத்தவன் நான், இது உறைக்கவில்லை. இப்போது நேர்ச்சுவர் உள்ள அடிகனமான பாத்திரம்தான். மர அகப்பையைப் பாலில் நிறுத்தி, நனைந்த உயரத்தில் பாதியில் பென்சிலால் ஒரு கோடு. சின்னத் தீயில் அடியைத் துழாவிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் பால் கோட்டுக்கு வந்துவிடும். ஆடையை விட்டுவிட்டால் டீயில் நூல் நூலாக மிதக்கும். சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும். டிகாக்ஷனை நன்றாகக் கடுக்க விட்டு, இறக்கிய பிறகு இரண்டு கரண்டி ஊற்றினால் அதே செம்மண் நிறம்.

ஒன்று மட்டும் வரவில்லை, அந்த டப்பா வாசனை. டப்பாவை மூடிய பிறகும் கடும் சூட்டில் வேகவைக்கிறார்கள், அதனால்தான் அந்த லேசான கருகல் இனிப்பு. காய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் மூடி குக்கரில் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை நிறம் வந்தது, மறு தடவை திரிந்துவிட்டது. அவர்கள் திரியாமலிருக்க உப்பு வகை ஏதோ சேர்க்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். வீட்டுப் பால் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள்தான் தாங்கும், மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறேன். ஆகவே டப்பா வேண்டாம். அதற்கென்று கடைக்கு அலையாதே, செலவு செய்யாதே.

போனில் "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். பணம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. உன்னைப்போல் பொறுப்பான பிள்ளை இந்தத் தெருவில் இல்லை என்று அம்மா சொல்லாத ஆளில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2009இல் நீ பத்தாவது படித்தபோது ஒரு பெட்டி நிறைய ரெயின்போ வந்ததே, நினைவிருக்கிறதா? அம்மா தெருவுக்கே கொடுத்தாள். அப்போது எனக்கு வேலை போய் நான்கு மாதம். வேலை நடந்த இடத்தில் கிரேன்கள் அப்படியே நின்றன. அறையில் இருந்தவர்கள் போட்ட சோற்றைத் தின்றேன். அந்தப் பெட்டி கடனுக்கு வாங்கியது. டப்பா வந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள் அல்லவா? அதற்காகத்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொன்னதைவிட, அந்த நான்கு மாதம் உங்கள் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்தேனே, அதுதான் இன்னும் அறுக்கிறது.

இரண்டு மாதம் நீ பணம் அனுப்பாவிட்டாலும் இங்கே அடுப்பு எரியும். சாப்பாட்டை மட்டும் விடாதே.

மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். மழையில் ஒழுகியதால் அடித்தேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா