திருகோணமலை மத்திய வீதி, என்.சி. வீதி கைத்தொலைபேசிக் கடைக்காரர்களுக்கு: வாட்சுக்கு ஆப் போட்டுக் கொடுக்கும் முறையை மாற்றுங்கள்

மதிப்புக்குரிய கடை உரிமையாளர்களுக்கு,

ஸ்மார்ட் வாட்ச் விற்கும்போது உங்கள் பொடியன்கள் எப்படி ஆப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி, இறங்குகிற `.apk` கோப்பைத் திறந்து, போன் எச்சரித்தால் அதைத் தாண்டி, கேட்கிற எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து, அஞ்சு நிமிஷத்தில் வாட்சைக் கையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆப் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வாட்ச் ஆப் என்றால் இப்படித்தான் போட வேண்டும் என்று வாடிக்கையாளர் அந்த இடத்திலேயே பழகிவிடுகிறார்.

உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் பழகினார். நடையும் இதயத்துடிப்பும் பார்க்க வாங்கிய வாட்ச். சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: உங்கள் வாட்ச் ஆப் காலாவதியாகிறது, இன்றைக்கே புதுப்பிக்காவிட்டால் உத்தரவாதம் போய்விடும், கீழே லிங்க். யாரிடம் வாட்ச் இருக்கிறது என்று தெரிந்து அனுப்புவதில்லை, கண்டபடி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள், இருப்பவர் மாட்டுகிறார். அக்கா அதைக் கடையில் பார்த்தபடியே போட்டார். போன் ஒரு இடத்தில் தடுத்தது. அன்ட்ரொய்ட் 13இலிருந்து, வெளியிலிருந்து இப்படிப் போட்ட ஆப் அறிவிப்புகளைப் படிக்கக் கேட்டால், போன் அதை முதலில் மறுக்கும். ஆப் விவரப் பக்கத்தின் மூன்று புள்ளிக்குள் போய் `Allow restricted settings` என்பதை நாமே அழுத்தினால்தான் விடும். அந்த வழியும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது, கடையில் கண்ணால் பார்த்தது.

அப்புறம் அந்த ஆப், உத்தரவாதத்தை நீடிக்க 250 ரூபாய் என்று கார்ட் இலக்கம் கேட்டது. கொடுத்தார், ஓடிபியையும் தானே அடித்தார். சின்னத் தொகைதானே. அன்றிரவு அதே கார்ட்டில் பெரிய தொகைகள் போயின. போன் தலைமாட்டில்தான் இருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. காலையில் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்தால் வரிசையாக ஓடிபிகள். `Notification access` கிடைத்த ஆப் அறிவிப்பைப் படிக்கவும் முடியும், திரையிலிருந்து அழிக்கவும் முடியும். மெசேஜ் மட்டும் பெட்டியில் கிடக்கும். வங்கியில் ஒரே பதில்: ஓடிபி சரியாக அடிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் யாருக்கோ கொடுத்திருப்பீர்கள். அன்றிரவு வந்த ஓடிபிகளை அந்த அக்கா ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசு அது. மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர் இன்னும் தவிக்கிறார்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்றால், உண்மையான வாட்ச் ஆப்பும் அதே அனுமதியைத்தான் கேட்கும். வாட்சில் மெசேஜ் காட்ட அதற்கு அது தேவை. அதனால் என்ன கேட்கிறது என்பதை வைத்துப் பிரிக்க முடியாது, எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் பிரிக்கலாம். எனவே கேட்கிறேன்: பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். கியூஆர் `play.google.com` முகவரிக்குப் போகாவிட்டால் மூடிவிட்டு, வாட்ச் கையேட்டில் உள்ள பெயரை ஸ்டோரிலேயே தேடுங்கள். அங்கேயும் ஒரே மாதிரிப் பெயர்களில் போலிகள் வரும், ஆகவே உருவாக்கியவர் பெயர் கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நடையும் துடிப்பும் போதும் என்பவருக்கு அறிவிப்பு அனுமதியே வேண்டாம், அது இல்லாமலும் வாட்ச் எண்ணும். ஆப்புக்குள் "எஸ்எம்எஸ் காட்டாதே" என்று நிறுத்தினால் போதாது. போனின் அமைப்புகளில் `Notification access` என்று தேடி, அங்கே நிறுத்த வேண்டும். இதை விற்கும்போதே காட்ட இரண்டு நிமிஷம் ஆகுமா?

அப்படி ஏமாந்து யாராவது உங்கள் கடைக்கு ஓடி வந்தால், முதலில் ஆப்பை அழிக்கப் போகாதீர்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையும் நின்றதா பாருங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து கார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மின்னஞ்சல் குறியீடுகளும் அதே வழியில்தான் போயிருக்கும், அதனால் கூகுள் கடவுச்சொல்லையும் வேறு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். முறைப்பாட்டுக்காக அந்த மெசேஜையும் ஆப்பின் பெயரையும் படம் பிடித்துவிட்டு, அதன் பிறகு ஆப்பை அழியுங்கள். அழித்த பிறகு போனைத் திரும்ப இணையத்தில் இணைத்து, வாட்ஸ்அப்பில் `Linked devices` பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள்.

வங்கிகள் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சொல்லாமலே எடுக்கிறார்கள் என்று ஒருவரும் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பியதை நான் பார்க்கவில்லை. போன எச்சரிக்கை, வந்த முறைப்பாடு, எல்லாம் கொழும்பைப் பார்த்தே கிடக்க, இங்கே கிழவிகளும் ஓய்வூதியக்காரரும் தனியாக நிற்கிறார்கள். கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். இது உங்கள் தவறு மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் வாட்ச் முதலில் கைக்கு வருவது உங்கள் மேசையில்தான். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வாட்ச் ஆப் போட மாட்டோம் என்று கடை வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள், பொடியன்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள். தாள் அடித்துத் தர வேண்டுமென்றால் நான் அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உவர்மலைவாசி ஒருவர்