‘சைட் ஓப்பன் ஆகவில்லை’ என்றால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக் கணினியில் பாடத்துக்கு வேண்டிய தளங்களைக்கூடத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

அந்தத் தளத்தை யாரும் உட்கார்ந்து படித்துவிட்டுத் தடுப்பதில்லை. ஃபில்டர் விற்கும் நிறுவனம் தளங்களைச் சூதாட்டம், ஆபாசம், கோப்புப் பகிர்வு என்று வகை பிரித்துத் தருகிறது. எந்தெந்த வகை வேண்டாம் என்று டிக் அடிப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. வகை பிரிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை விளக்கும் பக்கம் ஆபாசக் கணக்கில் சேர்ந்துவிடுவதெல்லாம் இப்படித்தான்.

ஓர் உயிரியல் ஆசிரியைக்கு நேர்வதாக வைத்துக்கொள்வோம். பாடப் பக்கம் திறக்கிறது, எழுத்தும் தெரிகிறது, படங்கள் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து படத்தைப் புது டேபில் திறந்தால் தடுப்புப் பக்கம் வரும். முகவரியைப் பார்த்தால் அது வேறு தளம். படங்களை ஒரு கோப்புப் பகிர்வுச் சேவையில் போட்டு வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பாடத் தளத்தைத் திறந்துவிடச் சொன்னால், “திறந்துதானே இருக்கிறது” என்று பதில் வரும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் நிர்வாகிக்கு எழுதும்போது தடுப்புப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துவிடுங்கள். முகவரியும் வகையும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அப்புறம் நாலு வரி போதும்: “இந்தப் பாடப் பக்கத்தின் படங்கள் இணைப்பில் உள்ள முகவரியிலிருந்து வருகின்றன. ‘கோப்புப் பகிர்வு’ என்று காட்டி இன்று காலை 10.20 மணிக்குத் தடுக்கப்பட்டது. வியாழக்கிழமை வகுப்புக்குத் தேவை. மறுபரிசீலனை செய்ய முடியுமா? முடியாதென்றால் மாற்று வழி இருந்தால் சொல்லுங்கள்.” ‘உடனே திறக்கவும்’ என்று வரும் கடிதங்களை நானும் படிக்கிறேன், அவற்றில் பாதியில் முகவரியே இருக்காது.

வகை தவறு என்றால் சிக்கல் இல்லை. விலக்குப் பட்டியலில் அந்தத் தளத்தைச் சேர்த்துவிட்டு, வகையை மாற்றச் சொல்லி ஃபில்டர் நிறுவனத்துக்கும் எழுதுவோம். இதற்கான படிவத்தைப் பல நிறுவனங்கள் பொதுவில் வைத்திருப்பதால் நீங்களே அனுப்பலாம். ஆனால் மேலே சொன்ன சேவை உண்மையிலேயே கோப்புப் பகிர்வுதான். அந்த ஒரு படத்துக்கு மட்டும் வழி விடுவதும் எளிதல்ல. மறையாக்கப்பட்டு வரும் https இணைப்பைப் பிரித்துப் பார்க்காத ஃபில்டருக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. திறந்தால் மொத்தமாகத் திறக்க வேண்டும். யார் யாரோ போட்ட கோப்புகளும் சேர்ந்து வரும். ஆகவே ஆசிரியர்களின் கணக்குகளுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள், அல்லது படங்களை இறக்கிப் பள்ளி சர்வரில் வைத்துத் தருவார்கள். இரண்டில் எது கிடைத்தாலும் வியாழக்கிழமை வகுப்பு நடக்கும்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் நிர்வாகி