கரண்ட் பில் பிரிப்பது பற்றி எங்கள் போடிங் அறைவாசிகளுக்கு

அன்பான ரீச்சர்மாருக்கும், வங்கி, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கும்,

பில்லில் நான் இலாபம் வைக்கிறேன் என்று ஒரு கதை வைபர் குழுவில் ஓடுகிறது. "எங்கட வீட்டில யூனிற் இவ்வளவு விலை இல்லையே" என்று ஒருவர் எழுதியதை இங்கே இருக்கிற பிள்ளையே எனக்குக் காட்டினார். கிளிநொச்சியில் கடையும் போடிங்கும் வைத்து வாழ்கிற எனக்கு அது சுட்டது. அதனால் கணக்கை முழுதாகவே எழுதுகிறேன்.

வீட்டில் யூனிற் மலிவு என்பது உண்மைதான். மின்சார சபை வீட்டுப் பாவனைக்குப் படிப்படியாக விலை கூட்டுகிறது. மாதம் அறுபது யூனிற்றுக்குள் நிற்கிற வீட்டுக்குக் குறைந்த விலை. 180 தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஆகக் கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். இங்கே ஐந்து அறைக்கும் ஒரே மீற்றர். தனித்தனியே நீங்கள் கொஞ்சம்தான் பாவித்தாலும் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து மேல் படியில்தான் போய் நிற்கிறது. அந்தக் கூடுதல் காசு சபைக்குப் போகிறது, எனக்கு அல்ல.

முன்பு ஆள்தலைக்குப் பிரித்தோம். எல்லோரும் ஒரு லைற்றும் ஃபானும் மட்டும் வைத்திருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இப்போது ஓர் அறையில் ஏசி ஓடுகிறது, இன்னோர் அறை பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் அறைக்கு ஒரு உப மீற்றர் பூட்டினேன்.

விளங்குவதற்காக எண்களை உருட்டி ஒரு மாதத்தை எடுப்போம். பில் 14,000 ரூபா. அதில் நிலையான கட்டணம் 2,000, மிகுதி 12,000 ரூபாவும் 300 யூனிற்றுக்கு. ஆக யூனிற் சராசரி 40 ரூபா. ஐந்து உப மீற்றரும் சேர்ந்து 240 காட்டின. மிச்ச 60 யூனிற்தான் பொது: தண்ணி மோட்டர், விறாந்தை லைற், குசினி பிரிட்ஜ்.

நிலையான கட்டணத்தை அறைக்குச் சமமாகப் போட்டால் 400 ரூபா. அறை பூட்டிக் கிடந்தாலும் வருகிற காசு அது. அறை வாடகைக்குப் போகாமல் வெறுமையாய் இருந்தால் அந்தப் பங்கை நான் கட்டுவேன். பொதுப் பாவனையின் 2,400 ரூபாவை ஆட்கள் தங்கிய நாட்களால் பிரிக்கிறேன், தண்ணீர் ஆளைப் பொறுத்துத்தானே போகும். ஏழு பேர் முப்பது நாள், இரண்டு ரீச்சர்மார் பதினைந்து நாள்: மொத்தம் 240 நாள், நாளுக்குப் பத்து ரூபா.

அந்த இரண்டு ரீச்சர்மாரின் அறை 25 யூனிற். ஆயிரம், அதோடு 400, அதோடு இருவரும் சேர்ந்து தங்கிய முப்பது நாளுக்கு 300. மொத்தம் 1,700 ரூபா. ஆள்தலைக் கணக்கில் இதே அறைக்கு 3,100 ரூபாவுக்கு மேல் வந்திருக்கும். ஒருவர் மட்டும் இருக்கிற ஏசி அறைக்கு 110 யூனிற், அவருக்கு 5,100. முந்திய கணக்கில் அவர் 1,555 கட்டியிருப்பார். ஐந்து அறையும் கூட்டினால் 14,000 வரும், ஒரு ரூபாவும் மிஞ்சாது. மிஞ்சினால்தானே நான் எடுக்க?

ஏசி அறைதான் மேல் படிக்குத் தள்ளியது, அந்த விலை முழுவதையும் அவரிடமே வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். யோசித்தேன். ஆனால் 180ஐத் தாண்டிய யூனிற் யாருடையது என்று மீற்றர் சொல்லாது. எந்த அறையைக் கடைசியாக எண்ணினாலும் பழி அதன் மேல்தான் விழும். அதனால் சராசரி விலையை எல்லோருக்கும் ஒன்றாக வைத்திருக்கிறேன். குறைவாகப் பாவிக்கிறவருக்கு இதில் சிறிய நட்டம் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தீர்க்க அறைக்கு அறை தனி இணைப்பு வேண்டும், இப்போது அதற்கு வசதியில்லை.

நீங்களும் சரிபார்க்கலாம். மீற்றர் பார்க்கிறவர் வந்த அதே நாளில் உப மீற்றர்களையும் குறிக்கவேண்டும். இரண்டு நாள் பிந்தினாலும் அந்த யூனிற்கள் பொதுக் கணக்கோடு மாறுபட்டு நிற்கும். பொது யூனிற் ஒரு மாதம் திடீரென்று ஏறினால் முதலில் தாங்கியின் மிதவை சுவிற்சைப் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் தண்ணீர் வழிய வழிய மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் எல்லா அறைகளின் சுவிற்சையும் பொது இணைப்பையும் நிறுத்திவிட்டுப் பிரதான மீற்றரைப் பாருங்கள். அப்போதும் எண் ஏறினால் வயரிங்கில் கசிவு, உடனே சொல்லுங்கள்.

இத்தனை வருடம் இடமாற்றம் வரும்வரை இங்கேயே இருந்து, தங்கைமாரையும் கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிவந்து விட்டவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை, மனமார்ந்த நன்றி. உப மீற்றர் பூட்டிய செலவுக்காக அடுத்த மாதம் முதல் அறை வாடகை 500 ரூபா கூடும். பில்லின் பிரதியும் ஐந்து மீற்றர் வாசிப்பும் இனி மாதாமாதம் குசினிக் கதவில் ஒட்டப்படும். வாசிப்பு எடுக்கும்போது உங்களில் ஒருவர் என்னோடு நில்லுங்கள்.

இப்படிக்கு,
போடிங் உரிமையாளர்