ஒரே நாளில் ஒன்பது கோயில் வேண்டாம்: நவக்கிரகச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு மடல்

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் விடும் டிராவல்ஸ் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

"ஒரே நாளில் ஒன்பது கோயில்" என்று நோட்டீஸ் அடிக்கிறீர்கள். நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்துகிற நடை நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நோட்டீஸில் மட்டும் அது இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று ஐந்து கோயில். நடை சாத்தும்வரை இருப்பது ஆறரை மணி நேரம். சாலையில் ஏறக்குறைய இரண்டரை மணி, காலைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. மிச்சத்தை ஐந்தாகப் பிரித்தால் கோயிலுக்கு நாற்பது நிமிடம் வருகிறது. வண்டியை விட்டு இறங்கி, செருப்பை விட்டு, அர்ச்சனைச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கடைசி ஆள் திரும்பி வந்து வண்டியில் ஏறும்வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மாலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. அங்கேயும் இதே நாற்பதுதான். ஒரு கோயிலில் வரிசை நீண்டால் அடுத்த கோயிலின் நேரம் போயிற்று.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவை அழைத்துக்கொண்டு இப்படி ஒரு வேனில் வந்தேன். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வலி. அவர் வந்ததே திருநாகேஸ்வரத்துக்காகத்தான். இராகு காலத்தில் ராகு பகவானுக்குப் பாலபிஷேகம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேண்டுதல். ஞாயிறு இராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. வேன் திருநாகேஸ்வரம் போனதோ காலையில். "பத்து நிமிஷம்தான், சீக்கிரம் வாங்க" என்றார் கூட வந்த ஆள். வரிசை பாதி நகர்வதற்குள் வெளியே ஹாரன் கேட்டது. அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கும்பிட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து ஓடி வந்தார். இராகு காலம் தொடங்கியபோது நாங்கள் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வைத்தீஸ்வரன்கோயிலில் நின்றிருந்தோம். திருநள்ளாறு போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது தாண்டி நடை சாத்தியிருந்தது. நளதீர்த்தத்தில் குளிக்க மாற்றுத்துணி கொண்டு வந்தவர்கள் பையோடு திரும்பினார்கள்.

என்ன கிழமை, இராகு காலம் எப்போது என்று பார்க்காமல் எல்லா நாளுக்கும் ஒரே பாதையில் வண்டியை விடலாமா? சூரியனார்கோயிலுக்கு முன் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரை வணங்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தக் கோயிலையும் வண்டி தாண்டிப் போய்விடுகிறது. எல்லாக் கோயிலையும் அவசரமாக எட்டிப் பார்ப்பது வழிபாடு ஆகாது ஐயா. ஊர் ஊராக இப்படித்தான் ஆகிவிட்டது. இடங்களின் எண்ணிக்கையைக் காட்டித்தான் எந்தச் சுற்றுலாவையும் விற்கிறார்கள்; ஓர் இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஞாயிறு விடியலில் திங்களூர். அப்புறம் திருமங்கலக்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர். நடை சாத்தும் நேரத்தில் கும்பகோணத்தில் சாப்பாடு, ஓய்வு. நாலரைக்குத் திருநாகேஸ்வரம், பாலபிஷேகம் பார்த்துவிட்டுக் கடைசியாக ஆலங்குடி. இரவு மயிலாடுதுறையில் தங்கினால் மறுநாள் காலை வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் நண்பகலுக்குள் முடியும். நடை சாத்தியிருக்கும் நேரத்தில் காரைக்கால் பக்கம் போய்ச் சாப்பிட்டு, நாலு மணிக்குத் திருநள்ளாறு. நடை சாத்தும் நேரம் வீணாகாமல் பயணத்துக்கும் ஓய்வுக்கும் உதவும்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்பவரிடம் எந்தக் கிரகத்துக்காக வந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கோயிலின் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் சேருங்கள். ராகுவுக்கு வந்தவருக்கு மேற்குப் பக்கத்துக் கோயில்கள் போதும், சனிக்கு வந்தவருக்குக் கிழக்குப் பக்கம். கிரக வரிசைப்படியே போக வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். சூரியனார்கோயிலிலிருந்து மேற்கே திங்களூர், அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே வைத்தீஸ்வரன்கோயில் என்று போனால் பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும்.

கட்டணம் கூடும், ஆள் குறையும் என்பீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் ஒரே நாளில் ஒன்பது என்று விற்காதீர்கள். அடுத்த முறை நோட்டீஸ் அடிக்கும்போது ஒவ்வொரு கோயிலிலும் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும், நடை எப்போது சாத்தும், அன்றைய இராகு காலம் எப்போது என்ற மூன்றையும் அச்சிடுங்கள். வயதானவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.