திசை சரி, பணம் போயிற்று

ஆசிரியருக்கு வணக்கம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையில் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு கூறுகிறது. சராசரி இழப்பு சுமார் 2 லட்சம் ரூபாய்! கணிப்புத் தவறியதே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிஃப்டி 25,000 புள்ளியில் இருக்கும்போது, ஏறும் என்று நம்பி காலாவதி நாளில் அதே விலைக்கு வாங்கும் உரிமை தரும் 'கால் ஆப்ஷனை' 150 ரூபாய்க்கு வாங்குகிறோம். காலாவதி நாளில் குறியீடு 25,100. கணிப்பு பலித்தது, ஆனால் கையில் வருவது ஏறிய 100 புள்ளிக்கான 100 ரூபாய்தான்; 50 ரூபாய் நஷ்டம். தரகும் வரியும் தனி. எனவே, எவ்வளவு ஏறும், எந்த நாளுக்குள் ஏறும் என்பதற்கும் விடையில்லாத உத்தியை நம்பி, தயவுசெய்து வீட்டுப் பணத்தை இறக்காதீர்கள்.

- ஒரு வாசகர், மதுரை