60 மீட்டரில் எதற்குக் குனிய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த 100 மீட்டர் ஓட்டக் குறிப்புகளைப் படித்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை உடம்பை முன்னால் சாய்த்தே ஓட வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். முதல் பகுதிக்கு அது சரி, அதற்கு மேல் தப்பு. அதை நம்பி ஓடுகிற பிள்ளைக்குத் தொடை பிடித்துக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

நின்றிருக்கும் பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் முன்னால் சாய்ந்து நிற்கிறோம், இல்லாவிட்டால் பின்னால் விழுவோம். அதே பஸ் ஒரே வேகத்தில் போகும்போது யாரும் சாய்ந்து நிற்பதில்லை. ஓட்டத்திலும் அவ்வளவுதான் விஷயம். வேகம் கூடிக்கொண்டிருக்கும் வரைதான் சாய்வு வேண்டும், உச்ச வேகம் வந்த பிறகு சாய்வதற்குக் காரணமே இல்லை.

பெர்லினில் 2009இல் உசேன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினாரே, அதில் முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி ஆனது, 60இலிருந்து 80 வரையிலான 20 மீட்டருக்கு வெறும் 1.61. இரண்டும் ஒரே மனிதர் ஓடியதுதான், ஆனால் உடம்பு செய்யும் வேலை வேறு. தொடக்கக் கட்டையான பிளாக்கிலிருந்து கிளம்பும்போது தலை, இடுப்பு, ஊன்றிய கால் மூன்றும் ஒரே கோட்டில் ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்கும், பாதம் உடம்புக்குப் பின்னால் தரையைத் தள்ளும். ஒவ்வொரு அடியிலும் கால் சுமார் 0.2 விநாடி தரையில் இருப்பதால் முட்டியையும் இடுப்பையும் மடக்கி நன்றாக விரிக்க நேரம் கிடைக்கிறது. அங்கே உழைப்பது தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும். கனமான வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறவரின் காலைப் பாருங்கள், அதேதான்.

உச்ச வேகத்தில் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 விநாடி, தேர்ந்த வீரர்களுக்கு அதைவிடவும் குறைவு. தள்ள நேரமில்லை. அந்த நொடிக்குள் உடம்பு கீழே இறங்காமல் தாங்கி மேலே எழுப்பிவிட வேண்டும், அதற்குக் கணுக்கால் இறுகி, கெண்டைத் தசையும் குதிகால் நாணும் ஸ்பிரிங் போல வேலை செய்ய வேண்டும். தொடையின் பின்தசைக்கு, அதாவது ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, இங்கேதான் பெரிய வேலை. முன்னால் வீசி வரும் காலை, முட்டி நீளும் நேரத்தில், தானும் நீண்டுகொண்டே பிரேக் பிடித்து நிறுத்தி, கீழே தரையை நோக்கி இழுக்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் அந்த நொடியில்தான் தசை கிழிவது அதிகம். இப்போது இடுப்பிலிருந்து குனிந்திருந்தால் என்ன ஆகும்? இடுப்பெலும்பு முன்னால் சரியும், அதன் பின்பக்கத்தில் தொடங்கும் ஹாம்ஸ்ட்ரிங் ஏற்கெனவே இழுபட்டிருக்கும் நிலையில் இன்னும் இழுபடும்.

நான் மாலையில் பயிற்சி தரும் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், முன்பு வேறோர் இடத்தில் "குனிஞ்சே ஓடு, நிமிராதே" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவன். ஒரே சீசனில் இரண்டு முறை வலது தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது, இரண்டும் 60 மீட்டர் தாண்டித்தான். வலி சரியான பிறகு போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தோம். 50 மீட்டர் கோட்டருகே பார்த்தால் மார்பு முன்னால் தொங்குகிறது, முட்டி மேலே வர இடமில்லை, பாதம் இடுப்புக்கு ரொம்ப முன்னால் போய்க் குத்துகிறது. பாதம் தரையில் 36 ஃபிரேம் இருந்தது, அதாவது 0.15 விநாடி. முதல் அடிகளில் அவன் நன்றாகத்தான் தள்ளினான், அதைத் தொடவில்லை. 30 மீட்டருக்குள் இடுப்பை உயர்த்தி நிமிர்ந்துவிடச் சொன்னோம், பாதம் இடுப்புக்குக் கிட்ட விழ வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எட்டு வாரத்தில் 31 ஃபிரேமுக்கு வந்தான், அதற்கப்புறம் அந்தத் தொடை பிடிக்கவில்லை. ஒரே ஒரு பையன்தான், ஆனாலும் படத்தில் தெரிந்த மாற்றம் தெளிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போல்ட் மாதிரி வீரர்கள் 60 மீட்டருக்குப் பக்கம் போய்த்தான் உச்ச வேகம் தொடுகிறார்கள், அதனால் நிதானமாக நிமிர்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைக்கு 30, 40 மீட்டரிலேயே வேகம் கூடுவது முடிந்துவிடும். அவர்களைப் பார்த்து அதே தூரம் தாழ்ந்து ஓடினால் கால் தடுமாறும். அதற்காக மூன்றாவது அடியிலேயே சட்டென்று எழுந்து நிற்பதும் கூடாது, பாதம் உடம்புக்கு முன்னால் விழத் தொடங்கினால் தள்ளுவது அங்கேயே நின்றுவிடும்.

அந்தக் குறிப்புகளோடு பிளாக்கிலிருந்து கிளம்பும் படம் ஒன்றுதான் போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது 60 மீட்டரில் எடுத்த படம் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேரப் பயிற்சியாளர் ஒருவர், திருச்சி