அவசர நிதி: தோட்டத்துக்கும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் அவசர நிதி பற்றி வந்த கட்டுரையில், பணத்தை ஸ்வீப் வைப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ போட்டால் நினைத்த நிமிடம் கையில் கிடைக்கும், ஐந்து இலட்சம் வரை காப்புறுதியும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து இலட்சம் என்பது இந்தியாவின் கணக்கு. நமது இலங்கை மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு இலட்சம் ரூபா வரை என்பது 2021 முதல் உள்ளது. தங்களுக்குத் தெரியாததல்ல. மலையகத்தான் படிப்பான் என்ற நினைப்பு இருந்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது. தேயிலை விலை ஏறினால் முதல் பக்கம், எங்கள் சம்பளம் என்றால் ஏழாம் பக்கத்து மூலை. இதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

காப்புறுதி இருப்பது வங்கி வைப்புக்கும், அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் வைப்புக்கும்தான். லிக்விட் ஃபண்ட் என்று நீங்கள் சொல்வது இங்கே யூனிட் டிரஸ்டுகள் நடத்தும் பணச் சந்தை நிதியம். அது வைப்பே அல்ல, அதனால் அந்தக் காப்புறுதி அதற்குக் கிடையாது. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடுவதால் பெரும்பாலும் ஆபத்தில்லைதான். ஆனால் பணம் திரும்புவது வேலை நாளில் மட்டும். குறித்த நேரத்துக்கு முன் விண்ணப்பித்தால் அன்றோ மறுநாளோ வரும்.

பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் என் தம்பி, கையிலிருந்த மூன்று இலட்சத்தையும் அப்படி ஒரு நிதியத்தில் போட்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவன் மனைவிக்கு வயிற்று வலி. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளியே ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள், வான் பிடித்துப் பதுளைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. செயலியில் கோரிக்கை போட்டான். ‘பரிசீலனையில்’ என்று நின்றது. சனி, ஞாயிறு, திங்கள் போயா. பணம் வந்தது புதன்கிழமை. சனிக்கிழமை காலை அவள் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. சேமிப்பைவிட நூற்றுக்கு நான்கு வட்டி கூடக் கிடைத்திருந்தாலும் மூன்று இலட்சத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாதான். அந்த ஆயிரத்துக்காகத்தான் சங்கிலி போனது. இந்தியாவில் சில லிக்விட் ஃபண்டுகளில் ஐம்பதாயிரம் வரை உடனே எடுக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதைத்தான் எண்ணி எழுதினார் போலும்.

ஸ்வீப் வைப்பின் நன்மையை அவர் சரியாகவே சொல்லவில்லை. கணக்கில் ஒரு அளவுக்கு மேல் சேர்வது தானாக நிலையான வைப்பாக மாறும். தேவைப்படும்போது வேண்டிய அளவு மட்டும் உடையும், மீதி அதே வட்டியில் கிடக்கும். சாதாரண நிலையான வைப்பில் அந்த வசதி கிடையாது. இரண்டு இலட்சத்தை ஒரே வைப்பாகப் போட்டால் நாற்பதாயிரத்துக்காக முழுவதையும் உடைக்க வேண்டிவரும். முதல் போகாது, வட்டி குறையும். அல்லது அதன்மேல் கடன் எடுக்கவேண்டும். ஆகவே உங்கள் வங்கியில் ஸ்வீப் இல்லையென்றால் ஐம்பதாயிரமாக நான்கு வைப்புகள் போடுங்கள். ஒன்றை உடைத்தால் மூன்று நிற்கும்.

கூடுதல் வட்டிக்காக நிதிக் கம்பனிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதி ரத்தானபோது, அதற்குப் பல மாதங்கள் முன்பே வைப்பாளர் பணம் முடங்கிக் கிடந்தது. அன்று காப்புறுதி ஆறு இலட்சம். பணம் பிறகு வந்தாலும் அவசரத்துக்கு உதவாது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு முழுத் தொகைக்கும் அரச உத்தரவாதம் உண்டு. தபாற்கந்தோரில் பாஸ் புத்தகத்தைக் காட்டி எடுக்கலாம். வட்டி குறைவுதான். தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் ஏறாமல் கிடைக்கும் பணம் அது ஒன்றுதான்.

டித்வா புயலில் மண் சரிந்து பாதை மூடி, மின்சாரமும் சிக்னலும் போனபோது ஏ.ரி.எம்மும் செயலியும் எங்களுக்குப் பயன்படவில்லை. கடைக்காரர் வாங்கியது கையில் இருந்த தாளைத்தான். அதனால் மூன்று இலட்சம் வைத்திருப்பவர் இருபத்தைந்தாயிரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அடையாள அட்டையோடு ஓடும்போது எடுக்கும் பையில் வைக்கட்டும். எழுபத்தைந்தாயிரம் பாஸ் புத்தகத்தில், மீதி இரண்டு இலட்சம் சிறு வைப்புகளாக. இதை நான் லயத்துப் பெண்களுக்குச் சொல்லிவருகிறேன். அவர்களிடம் மூன்று இலட்சம் ஏது என்று கேட்பீர்கள். முப்பதாயிரத்துக்கும் இதே பிரிவுதான், வைப்பு மட்டும் ஒன்று.

ஐந்து இலட்சம் என்ற வரிக்குத் திருத்தம் போடுங்கள். இனி இப்படி ஒரு திட்டத்தை எழுதும்போது, பணம் கைக்கு வர எத்தனை வேலை நாள் என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அப்புத்தளை